தோற்பதற்குக் காரணம் காம்போ தெரியாததல்ல: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 புதிதாக ஆடுபவருக்கு

கேள்வி: "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வாங்கி மூன்று வாரம் ஆகிறது. டுடோரியல் முடித்துவிட்டேன், கைடு வீடியோ நிறையப் பார்த்தேன், காம்போ டிரையலும் செய்கிறேன். ஆன்லைன் போனால் ஒன்றுமே புரியவில்லை, வரிசையாகத் தோற்கிறேன். மறுபடி உள்ளே போகவே கூச்சமாக இருக்கிறது. சீக்கிரம் கற்றுக்கொள்ள வழி உண்டா?"

வழி உண்டு. ஆனால் அது நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதற்குக் கிட்டத்தட்ட நேர் எதிரானது. டுடோரியல், கைடு, டிரையல் எல்லாம் முடித்துவிட்டு ஆன்லைன் போகலாம் என்று நினைக்கிறீர்கள். முதலில் பத்து ஆட்டம் தோற்றுவிட்டு, எதில் தோற்றோம் என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ட்ரெய்னிங் மோடுக்குத் திரும்புங்கள். நான் சண்டை ஆட்டங்கள் ஆட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது, புதிதாக வருபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் உண்டு. அவர்களில் காம்போ வராததால் தோற்றவர் ரொம்பக் குறைவு.

போன வருடம் அலுவலகத்தில் ஜூனியர் பையன் ஒருவன் இதே நிலையில் வந்தான். ரியூவை வைத்து ஆடினான், டிரையலில் நடுத்தர நிலை வரை முடித்திருந்தான், ஆன்லைனில் தொடர்ந்து பதினொரு தோல்வி. "அண்ணா, எனக்கு ரிஃப்ளெக்ஸே இல்லண்ணா" என்றான். ரிஃப்ளெக்ஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் கடைசி நாலு ஆட்டத்தின் ரீப்ளேவைப் போடு என்றேன். ஒரு தாளில், அவன் உயிர்ப்பட்டை பெரிதாகச் சரிந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, ஏன் என்று ஒரே சொல்லில் எழுதினோம். மூலையில் மாட்டி டிரைவ் இம்பாக்ட் வாங்கியது ஒன்பது தடவை. எதிராளி குதித்து வந்து அடித்தது ஏழு. இவனே பதற்றத்தில் ஷோர்யுகென் போட்டு, அதை எதிராளி தடுத்து, திருப்பி வாங்கியது ஆறு. காம்போ பாதியில் விட்டதால் நஷ்டம் என்று எழுத வேண்டியிருந்தது இரண்டே இடம். மூன்று வாரம் அவன் உழைத்தது அந்த இரண்டுக்காக.

இந்தத் தாள் வேலை அரை மணி நேரம்கூட ஆகாது, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். ரீப்ளே பார்க்கும்போது எதிராளி என்ன அழுத்தினார் என்பதையும் திரையில் காட்டச் சொல்லலாம், வேகத்தைக் குறைக்கலாம். ஆடும்போது மாயாஜாலமாகத் தெரிந்த விஷயம் பெரும்பாலும் ஒரே நகர்வை மூன்று தடவை திரும்பப் போட்டதாகத்தான் இருக்கும். தொடக்கத் தரங்களில் ஆடுபவர்கள் உங்களைப் போலவே மூன்று நான்கு விஷயம் தெரிந்தவர்கள்தான். அதில் ஒன்றுக்கு உங்களிடம் பதில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, டிரைவ் இம்பாக்ட். உங்கள் தாளிலும் இதுதான் முதலில் வரும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன், அதனால் இதை வைத்தே முழுதாகக் காட்டுகிறேன்.

கிளாசிக் கட்டுப்பாட்டில் ஹெவி பஞ்சும் ஹெவி கிக்கும் சேர்த்து அழுத்தினால் வருவது அது, மாடர்னில் அதற்கென்றே ஒரு பட்டன். டிரைவ் கேஜின் ஆறு கட்டங்களில் ஒன்று செலவாகும். அழுத்தியதும் உடம்பைச் சுற்றி வண்ணச் சாயம் தெறிக்கும், கூடவே தனியாகத் தெரிகிற ஒரு சத்தம். அந்த நேரத்தில் நீங்கள் அடிக்கும் இரண்டு அடிகளை அது தாங்கிக்கொண்டு வந்து விழும், அதனால்தான் "நான் அடித்தேனே, எப்படி நானே விழுந்தேன்" என்று குழப்பம் வருகிறது. நடு மேடையில் தடுத்துவிட்டால் பெரிய ஆபத்து இல்லை. மூலையில் நின்றுகொண்டு தடுத்தால் சுவரில் மோதித் தெறிப்பீர்கள், எதிராளிக்கு முழு காம்போ இலவசம். அதாவது "தடுத்தால் பிழைத்தோம்" என்று டுடோரியலில் மனதில் பதிந்த விதி மூலையில் செல்லாது. புதியவர்கள் தொலைந்துபோவது இந்த இடத்தில்தான்.

இதற்கு நேரான பதில் நீங்களும் டிரைவ் இம்பாக்ட் போடுவது. இரண்டும் மோதினால் பிந்திப் போட்டவருக்குத்தான் வெற்றி, முந்தியவர் நிலைகுலைந்து மெதுவாகச் சரிவார். இதைச் செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது? அது அடியாக மாற 26 ஃபிரேம் ஆகும். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது, ஆக கிட்டத்தட்ட 0.43 நொடி. எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்றைப் பார்த்துப் பட்டன் அழுத்த சாதாரண மனிதனுக்குச் சுமார் கால் நொடி போதும். ஆகவே ரிஃப்ளெக்ஸ் இல்லை என்ற பேச்சு இங்கே எடுபடாது, கணக்குப்படி எல்லோராலும் முடியும். முடியாமல் போவது ஏனென்றால் அந்த நேரத்தில் நம் தலைக்குள் வேறு நான்கு விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது. பயிற்சி அதற்காகத்தான் வேண்டும், கையின் வேகத்துக்காக அல்ல. (ஒரு விஷயம்: டிவியில் ஆடுகிறீர்கள் என்றால் கேம் மோட் ஆன் செய்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது இல்லாமல் சில டிவிகள் 100 மில்லிசெகண்டுக்கு மேல் விழுங்கிவிடும், உங்களுக்குக் கிடைத்த நேரத்தில் கால் பங்கு அங்கேயே போச்சு.)

ட்ரெய்னிங் மோடில் எதிரே நிற்கும் பொம்மைக்கு நகர்வுகளைப் பதிவுசெய்து வைத்து, எது எப்போது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி ஓடவிடலாம். ஆட்டத்தின் மிகப் பயனுள்ள வசதி இதுதான், புதியவர்கள் யாரும் தொடாத வசதியும் இதுதான். முதல் பதிவில் கொஞ்ச தூரத்திலிருந்து டிரைவ் இம்பாக்ட். இரண்டாவதில் குனிந்து மீடியம் கிக் இரண்டு தடவை. மூன்றாவதில் நின்றபடி ஒரு ஹெவி கிக். நாலாவதில் ஒன்றுமே இல்லை, இரண்டு நொடி முன்னும் பின்னும் நடை. உங்கள் பாத்திரத்தை மூலையில் நிறுத்திக்கொண்டு, டிரைவ் கேஜ் தானாக நிரம்பும்படி வைத்துவிட்டு ஓடவிடுங்கள்.

மூன்றாவது பதிவை விட்டுவிடாதீர்கள். வெறும் டிரைவ் இம்பாக்டை மட்டும் வைத்துப் பழகினால், பொம்மை அசைந்தாலே பட்டனை அழுத்தப் பழகுவீர்கள். அது பார்த்துச் செய்வதல்ல, ஊகம். ஹெவி கிக் வரும்போதும் உங்கள் கை டிரைவ் இம்பாக்டை அழுத்துகிறது என்றால் பயிற்சி தப்பாகப் போகிறது என்று அர்த்தம். ஆன்லைனில் அதே பழக்கத்தைப் பார்த்த எதிராளி சும்மா கை அசைத்துவிட்டுக் காத்திருப்பார். நீங்கள் போட்டதும் அவர் ஒன்று போடுவார், பிந்தியவருக்கு வெற்றி என்ற விதி இப்போது உங்கள் மேலேயே திரும்பும். கண்ணைவிடக் காதை நம்புங்கள் என்பது என் அனுபவம். அந்தச் சத்தம் வேறு எந்த அடிக்கும் வராது.

முதல் நாள் சும்மா நின்று தடுத்துக்கொண்டே இருங்கள், சத்தம் கேட்டால் மட்டும் அழுத்துங்கள். பையன் அன்று பத்துக்கு இரண்டு பிடித்தான், அரை மணி கழித்து ஆறு. இரண்டாம் நாள் நிற்காமல் வேலை செய்துகொண்டே இருக்கச் சொன்னேன்: குனிந்து மீடியம் கிக், கொஞ்சம் நடை, மறுபடி கிக். ஆறு மூன்றாக இறங்கியது, அவனுக்கு முகம் வாடிவிட்டது. இறங்கத்தான் வேண்டும், ஏனென்றால் உண்மையான ஆட்டம் இந்த நிலைக்குத்தான் நெருக்கம். முதல் நாளின் ஆறு ஒரு பொய்க் கணக்கு. இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ரியூவின் குனிந்த மீடியம் கிக் போன்ற சில அடிகளை நடுவிலேயே முறித்து டிரைவ் இம்பாக்டுக்கு மாறலாம், அதாவது உங்கள் கிக்கை எதிராளி தாங்கிக்கொண்டு வந்தாலும் நேரம் இன்னும் கையில் இருக்கிறது. பெரிய ஹெவி அடியாக வீசி, அதை முறிக்கவும் முடியாவிட்டால், சத்தம் கேட்டும் பயனில்லை, அடி முடியும்வரை நீங்கள் பார்வையாளர்தான். ஆகவே மூலையில் இருக்கும்போது எந்த அடியை வீசுகிறோம் என்பதும் இந்தப் பயிற்சிக்குள் வந்துவிடுகிறது. அது தானாகப் புரிந்த நாளில் பையன், "அப்போ மூலையில் ஹெவி போடக்கூடாதாண்ணா?" என்று கேட்டான். எந்த வீடியோவும் பார்க்காமல் அவனாகவே வந்து சேர்ந்த முதல் கேள்வி அது.

மூன்றாம் நாள், பிடித்த பிறகு என்ன செய்வது என்பது. எதிராளி மெதுவாகச் சரியும்போது நிறைய நேரம் கிடைக்கும், முன்னால் நடந்து போய் உங்களுக்குத் தெரிந்த எளிய காம்போ ஒன்றைப் போடுங்கள். காம்போ டிரையலின் இடம் இதுதான், தொடக்கநிலை வரிசையில் ஒன்று போதும். மேல்நிலை டிரையல்களில் பல உண்மையான ஆட்டத்தில் அமையாத சூழலில் தொடங்குபவை, அவற்றை இப்போது தொடாதீர்கள்.

இதற்கும் எல்லை உண்டு. கேஜ் முழுதும் தீர்ந்து பர்ன்அவுட் ஆகிவிட்டால் உங்களால் டிரைவ் இம்பாக்ட் போடவே முடியாது. அந்த நிலையில் மூலையில் தடுத்தால் மயக்கமே வரும், குதித்துத் தப்புவது அல்லது சூப்பர் ஆர்ட் கையில் இருந்தால் அதைப் போடுவது என்றுதான் யோசிக்க வேண்டும். ஆன்லைனில் இணைப்பு மோசமாக இருந்தால் அதன் தொடக்க ஃபிரேம்கள் சில உங்கள் திரைக்கு வராமலே போகும், அப்போது பிடிக்க முடியாததற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். பையன் ஒரு வாரம் கழித்தும் ஆட்டத்தில் பத்துக்கு நாலைந்துதான் பிடித்தான். ஆனால் இரண்டு தடவை பிடிபட்டதும் எதிராளிகள் அதை எறிவதையே நிறுத்திவிட்டார்கள், எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கைடுகளைப் பற்றி. எழுத்துக் கைடைத் திறந்ததும் `2MK > 236P` என்று எழுதியிருப்பதைப் பார்த்து மூடிவிட்டவர்கள் நிறையப் பேர், அது ஒன்றும் சூத்திரமல்ல. கீபோர்டின் வலப்பக்க எண்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 5 என்றால் குச்சியைத் தொடாமல் நிற்பது, 2 கீழே, 6 முன்னால், 4 பின்னால், 8 மேலே. பாத்திரம் வலப்பக்கம் பார்த்து நிற்பதாக எடுத்துக்கொண்டு எழுதியது. 236 என்றால் கீழிருந்து முன்னால் உருட்டுவது, P பஞ்ச், K கிக், முன்னால் L, M, H என்று வருவது லைட், மீடியம், ஹெவி. ஆக மேலே எழுதியிருப்பது குனிந்த மீடியம் கிக், பிறகு ஹடோகென். நீங்கள் மாடர்னில் ஆடுகிறீர்கள் என்றால் பெரும்பாலான கைடுகள் கிளாசிக்கை நினைத்து எழுதப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். மாடர்னில் சில அடிகளே கிடையாது, ஒற்றைப் பட்டனில் போடும் ஸ்பெஷலுக்கு வலிமையும் 20 சதவீதம் குறைவு. அதனால் கைடு சொன்னது வரவில்லை என்றால் தப்பு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். எது நல்லது என்று கேட்டால், இது என் விருப்பம் மட்டுமே, எதில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே ஒரு மாதம் இருங்கள், பாதியில் மாற்றினால் இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீடியோவின் தேதியையும் பாருங்கள். ஆட்டம் வந்தது 2023 ஜூனில். 2024 மேயில் அகுமா வந்தபோது கூடவே பல பாத்திரங்களின் அடிகளை மாற்றினார்கள், அதற்குப் பிறகும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. பழைய வீடியோவின் எண்களும் காம்போக்களும் இன்று பொய்யாக இருக்கலாம், ஆனால் மூலையில் என்ன செய்வது, குதித்து வருபவரை எப்படி நிறுத்துவது போன்றவை அப்படியே செல்லும். எண் வேண்டுமென்றால் ட்ரெய்னிங் மோடிலேயே ஃபிரேம் மீட்டரை ஆன் செய்தால் இன்றைய நிலவரம் கண்முன் தெரியும். ஆட்டத்துக்குள் இருக்கும் கேரக்டர் கைடு என்ற பகுதியையும் பலர் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் பாத்திரத்தின் எந்த அடி எதற்கு என்று அதில் செய்தே காட்டுவார்கள், முதலில் அதைத்தான் முடித்திருக்க வேண்டும்.

கூச்சம் பற்றிக் கேட்டீர்கள். ரேங்க்டில் முதல் 10 ஆட்டம் உங்கள் தரத்தை நிர்ணயிக்கத்தான், அதில் தோற்றால் உங்களைப் போன்றவர்களிடம் சீக்கிரம் போய்ச் சேருவீர்கள், அது நல்லதே. நண்பரிடம் கடன் வாங்கிய தந்திரத்தால் அங்கே இரண்டு ஜெயித்து மேலே போய் மாட்டிக்கொண்டால்தான் கஷ்டம். ஓர் ஆட்டம் முடிந்ததும் மறு ஆட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது முழுக்க மரியாதையான செயல், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நடுவில் இணைப்பைத் துண்டித்து ஓடுவதுதான் அசிங்கம், அதை மட்டும் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்து கூச்சத்தைக் குறைப்பது ஒன்றே ஒன்று: உள்ளே போவதற்கு முன் இந்த ஐந்து ஆட்டத்தில் நான் பார்க்கப்போவது இது மட்டும் என்று முடிவு செய்துகொள்வது. டிரைவ் இம்பாக்ட் எத்தனை வந்தது, எத்தனை பிடித்தேன். பையன் ஒரு நாள் ஐந்திலும் தோற்றுவிட்டு வந்து "மூணு பிடிச்சேண்ணா" என்றுதான் ஆரம்பித்தான், ஸ்கோரை நான் கேட்டுத்தான் சொன்னான். இது எல்லோருக்கும் வேலை செய்யும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், சிலருக்குத் தோல்வி தோல்வியாகவே வலிக்கும். அவர்கள் கேஷுவல் மேட்சில் ஆரம்பிப்பது நல்லது, அங்கே தரம் ஏறாது, இறங்காது.

டிரைவ் இம்பாக்ட் அடங்கிய பிறகு தாளில் இரண்டாவதாக இருப்பதை எடுங்கள். குதித்து வருபவர் என்றால் முறை அதேதான். பொம்மைக்கு ஒரு பதிவில் குதித்து அடி, ஒன்றில் தரையில் நடந்து வருவது, ஒன்றில் ஹடோகென். ரியூவுக்கு 2HP என்ற குனிந்த ஹெவி பஞ்ச் போதும், ஷோர்யுகென்னை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் அது தப்பினால் விலை அதிகம்.

அப்புறம், யாரிடமும் உதவி கேட்கும்போது "எப்படி முன்னேறுவது" என்று கேட்காதீர்கள், ஆயிரம் பதில் வரும், ஒன்றும் உதவாது. ரீப்ளேவுக்கு ஒரு ஐடி இருக்கும். அதைக் கொடுத்து, இரண்டாவது ரவுண்டு, கடிகாரத்தில் 46 இருக்கும்போது அவர் இதைச் செய்தார், நான் தடுத்தேன், அப்புறம் என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். இங்கே கேட்டாலும் அப்படியே கேளுங்கள். ஒரு ரீப்ளே ஐடி போட்டால் நானே பார்த்துச் சொல்கிறேன், ஜெயித்த ஆட்டமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.